கணக்கில் பணமே இல்லையே சார்!

திங்கட்கிழமை காலை கிளையைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு அம்மாவும் மகளும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். மகள் படித்த கல்லூரி காஷன் டெபாசிட் 3,000 ரூபாயைத் திருப்பிக் கணக்கில் போட்டிருக்கிறது. அதை எடுக்கலாம் என்று வந்தால், கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்று கவுன்ட்டரில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரையில் பார்த்தேன். வேறு மாநில சைபர் கிரைம் போலீஸ் கேட்டுப் போடப்பட்ட முடக்கம். அதற்கு மேல் நான் அதிகம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“உன் ஏடிஎம் கார்டு எங்கேம்மா?”

“கம்பெனிக்கு அனுப்பிட்டேன் சார்.”

“சிம்?”

அதற்கும் அதே பதில். பிறகு அவளாகவே சொன்னாள்: “கணக்குல 212 ரூபாய்தான் சார் இருந்துச்சு. பணமே இல்லாத கணக்கை வச்சு யாரு என்ன செய்ய முடியும்னு நினைச்சேன்.”

கடந்த சில மாதங்களில் இந்த வாக்கியத்தை நான் நான்காவது முறையாகக் கேட்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் பி.காம். முடித்தவள். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. அதற்காகத் தொடங்கிய கணக்கு இது. படிப்பு முடிந்ததும் வேலை தேடி இரண்டு மூன்று தளங்களில் தன் விவரங்களைப் பதிந்திருக்கிறாள். பத்து நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. சென்னை விமான நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டர் வேலை, மாதம் 24,500 ரூபாய், தங்குமிடம் இலவசம். போனில் பத்து நிமிட இன்டர்வியூ. மறுநாள் காலையில் ஆஃபர் லெட்டர் பிடிஎஃப்பாக வந்துவிட்டது. முத்திரை, கையெழுத்து, ஜிஎஸ்டி எண் எல்லாம் அதில் இருந்தன.

முதலில் பதிவுக் கட்டணம் 1,450 ரூபாய். கட்டினாள். இரண்டு நாள் கழித்துச் சீருடைக்கும் அடையாள அட்டைக்கும் 6,800 ரூபாய். அம்மா பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். மூன்றாவதாக, முதல் சம்பளத்தோடு திருப்பித் தரப்படும் என்று சொல்லி 15,000 ரூபாய் டெபாசிட் கேட்டார்கள். இதற்கு மேல் எங்களால் முடியாது என்று இவள் சொல்லிவிட்டாள். இங்கேதான் பலரும் தப்பித்துவிட்டதாக நினைக்கிறார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

எதிர்முனையில் கோபமே இல்லை. “பரவாயில்லைம்மா, உங்க கஷ்டம் புரியுது. டெபாசிட் வேண்டாம். உங்க கணக்கைக் கம்பெனி சம்பளக் கணக்கா மாத்திக்கலாம். பாஸ்புக் முதல் பக்கம், ஏடிஎம் கார்டு, அந்தக் கணக்கோட இணைச்ச சிம் மூணையும் கூரியர்ல அனுப்புங்க. ஜாயின் பண்ற அன்னைக்குக் கையில கொடுத்துடுவோம்.” ஏடிஎம் பின் எண்ணைப் போனிலேயே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

கூரியர் போய்ச் சேர்ந்த நாலு நாளில் அந்தக் கணக்குக்குள் 11 தடவை பணம் வந்திருக்கிறது. மொத்தம் 3,86,000 ரூபாய். வந்த பணம் நிற்கவே இல்லை. சில வரவுகள் ஏழெட்டு நிமிடத்தில் வேறு கணக்குகளுக்குப் போயிருக்கின்றன, மிச்சம் ஏடிஎம்மில் எடுக்கப்பட்டிருக்கிறது. ஸ்டேட்மென்ட்டை அச்செடுத்து அந்த அம்மாவிடம் காட்டியபோது, “இவ்வளவு பணமா? எங்க பணம் இல்லைங்கய்யா” என்று பதறிப்போனார். உங்கள் பணம் இல்லைதான் அம்மா. யாரோ ஒரு பென்ஷன்காரரையும் ஒரு கடைக்காரரையும் வேறு வழியில் ஏமாற்றிப் பறித்த பணம் அது. அந்தப் பணத்துக்கு இறங்க ஓர் இடம் வேண்டும். திருடன் தன் பேரில் உள்ள கணக்கில் அதை வாங்கமாட்டான்.

“கணக்கில் பணமே இல்லையே” என்பவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கட்டத்தில் அவர்களுக்கு உங்கள் பணம் தேவையில்லை, உங்கள் பெயர்தான் தேவை. ஆதாரும் பானும் கொடுத்து, புகைப்படம் ஒட்டி, நேரில் வந்து கையெழுத்துப் போட்டு நீங்கள் தொடங்கிய கணக்கு அது. எந்தப் புகாரும் இல்லாத, மாதாமாதம் அரசுப் பணம் வந்த கணக்கு. அதில் 212 ரூபாய் இருந்தாலும் இரண்டு லட்சம் இருந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். சொல்லப்போனால், காலியான கணக்கின் சொந்தக்காரர் அடிக்கடி பேலன்ஸ் பார்க்கமாட்டார் என்பது அவர்களுக்கு வசதி. சிம்மும் போய்விட்டதால் குறுஞ்செய்திகூட உங்களுக்கு வராது.

பணத்தைப் பறிகொடுத்தவர் புகார் கொடுத்ததும், பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்றுதான் போலீஸ் முதலில் பார்க்கும். முதல் கணக்கு உங்களுடையது. முகவரி உங்களுடையது. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸும் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வேலை கொடுப்பதாகப் பேசிய குரலுக்கு முகவரி கிடையாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்காக எங்கள் ஊழியர்கள் தினமும் திட்டு வாங்குகிறார்கள். போலீஸ் கேட்டு முடக்கிய கணக்கைக் கிளை மேலாளர் நினைத்தாலும் திறக்க முடியாது. விசாரணை அதிகாரியின் கடிதம் வேண்டும், அல்லது நீதிமன்ற உத்தரவு வேண்டும். வேறு மாநிலக் காவல் நிலையம் என்றால் அந்தக் கடிதம் வர மாதங்கள் ஆகலாம். அதுவரை அந்த 3,000 ரூபாயும் உள்ளேதான் கிடக்கும்.

சரி, உண்மையான நிறுவனம் வங்கி விவரம் கேட்காதா என்றால், கேட்கும். சம்பளம் போடக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் வேண்டும். பாஸ்புக் முதல் பக்கத்தின் நகலோ ரத்து செய்த காசோலையோ வாங்குவார்கள். பிஎஃப், வருமான வரிக்காக ஆதாரும் பானும் கேட்பார்கள். பெரும்பாலும் வேலையில் சேரும் சமயத்தில்தான் இதெல்லாம் நடக்கும். ஒரு கணக்கில் பணம் போட அதன் எண்ணும் குறியீடும் போதும். கார்டு, பின், ஓடிபி, சிம் ஆகியவை பணத்தை எடுப்பதற்கானவை. சம்பளம் போடப்போகிறவருக்குப் பணம் எடுக்கும் சாமான்கள் எதற்கு? நிறுவனம் புதிதாகச் சம்பளக் கணக்கு தொடங்கினாலும் கார்டு உங்கள் கைக்கு வர வேண்டுமே தவிர, உங்களிடமிருந்து போகக் கூடாது.

கட்டணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலை கிடைத்துவிட்டது என்று சொன்ன பிறகு எந்தப் பேரில் பணம் கேட்டாலும் அது ஏமாற்று. பதிவு, சீருடை, பயிற்சி, மருத்துவப் பரிசோதனை, திருப்பித் தரும் டெபாசிட் என்று பெயர் மாறும், அவ்வளவுதான். டிஎன்பிஎஸ்சிக்கு நிரந்தரப் பதிவுக் கட்டணம் 150 ரூபாய் கட்டுகிறோமே என்று ஒரு பையன் என்னிடம் வாதம் செய்தான். தம்பி, அது தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது அரசுத் தளத்தில் எல்லோரும் கட்டுவது. தேர்வானவரைக் கூப்பிட்டு ஒரு தனிமனிதரின் யுபிஐ ஐடிக்கு அனுப்பச் சொல்வது அல்ல.

யுபிஐயில் ஒரு நல்ல வசதி இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. க்யூஆரை ஸ்கேன் செய்ததும், பின் எண் போடுவதற்கு முன்னால், பணம் யாருக்குப் போகிறது என்று பெயர் காட்டும். இந்தப் பெண்ணுக்கும் காட்டியது. நிறுவனத்தின் பெயர் அல்ல, ஒரு ஆளின் பெயர். கேட்டதற்கு “அவர் எங்க அக்கவுன்டன்ட்” என்றார்களாம். இரண்டாவது முறை வேறொரு பெயர். நிறுவனத்துக்குப் போகும் பணம் நிறுவனக் கணக்குக்குப் போகும். இந்த இரண்டு பெயர்களும் அனேகமாக இவளைப் போலவே கணக்கைக் கொடுத்து மாட்டியிருக்கும் வேறு இரண்டு பிள்ளைகளின் பெயர்கள்.

“ஜிஎஸ்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன் சார், உண்மையான கம்பெனிதான்” என்பவர்கள் அடுத்த வகை. அந்த எண்ணும் நிறுவனப் பதிவு எண்ணும் எவரும் இணையத்தில் பார்த்து எடுக்கக்கூடியவை. அப்படியொரு நிறுவனம் இருக்கிறது என்பதற்குத்தான் அது சான்று. போனில் பேசுபவர் அந்த நிறுவனத்து ஆள் என்பதற்கு அல்ல. லெட்டரில் போட்டிருக்கும் எண்ணுக்கே கூப்பிட்டுச் சரிபார்க்காதீர்கள். நிறுவனத்தின் தளத்தை நீங்களே தேடிப் போய், அங்கே இருக்கும் எண்ணில் கேளுங்கள்.

ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது, மறுநாள் சொன்னால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியுங்கள். நீங்களே பின் போட்டு அனுப்பிய பணத்தை வங்கி பொதுவாகத் தன் கையிலிருந்து தராது, அதனால் வங்கியில் வந்து சண்டை போட்டு அந்த நேரத்தை வீணாக்காதீர்கள்.

கார்டையோ சிம்மையோ அனுப்பிவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே வங்கிக்குச் சொல்லிக் கார்டை முடக்குங்கள். நெட்பேங்கிங்கையும் யுபிஐயையும் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கி வையுங்கள். மொபைல் நிறுவனத்தின் கடைக்குப் போய்ப் பழைய சிம்மை முடக்கிப் புது சிம் வாங்குங்கள். பிறகு நீங்களே முந்திக்கொண்டு புகார் கொடுங்கள். யாரோ ஒருவருடைய புகாரில் உங்கள் பெயர் வருவதற்கு முன்னால், ஏமாந்தவராக உங்கள் புகார் பதிவாகியிருந்தால் விசாரணையில் உங்கள் நிலைமையே வேறு.

தயவுசெய்து வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அப்பா பார்த்தால் திட்டுவார் என்று இந்தப் பெண் பாதியை அழித்துவிட்டாள். தான் உடந்தை இல்லை, ஏமாந்தவள் என்று காட்டுவதற்கு அவளிடம் இருந்த பெரிய சாட்சியே அதுதான். அப்பாக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: திட்டுவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

நல்லவேளையாகக் கூரியர் ரசீதை அந்த அம்மா அரிசி டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். எந்த ஊருக்கு, எந்த எண்ணுக்கு, எந்தத் தேதியில் கார்டு போனது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பணம் வந்த தேதிகள் எல்லாம் அதற்குப் பிந்தியவை. அந்த ரசீது, ஆஃபர் லெட்டர், இரண்டு யுபிஐ ரசீதுகள், மிச்சமிருந்த வாட்ஸ்அப் படங்கள், எங்கள் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு அன்று மதியமே அனுப்பிவைத்தேன். விசாரணை அதிகாரிக்கு எழுத வேண்டிய கடிதத்தை நாளை வந்து எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.