சிலம்பை உடைப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி

குழித்துறை கோர்ட்டில் திருட்டு வழக்குகள் நடத்துகிறவன் நான். ஒருநாள் மேல்புறம் பக்கமிருந்து ஒரு பெண் வந்தார். அவருடைய ஒரு பவுன் காப்பை அடகு வைக்கப் போன கணவரைப் போலீஸ் பிடித்துவிட்டது. பக்கத்து ஊரில் களவுபோன காப்பும் இதே மாதிரியாம். காப்பும் போயிற்று, ஆளும் உள்ளே. "எல்லாம் விதி சாரே" என்றார்.

சிலப்பதிகாரமும் அப்படித்தான் சொல்கிறது. ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்பதைப் பதிகத்திலேயே இளங்கோ சொல்லிவிடுகிறார். ஆனால் கொலைக்களக் காதையை ஒரு வக்கீல் படித்தால் வேறொன்று கண்ணில் படும். விதி தனியாக வந்து யாரையும் கொல்லவில்லை. விசாரணை நடக்காத இடத்தில்தான் அது உள்ளே நுழைகிறது.

பாண்டியன் அப்போது அவையில் இல்லை. ஆடல் பார்த்ததில் ஊடிப் போன தேவியைச் சமாதானப்படுத்த அந்தப்புரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான். வழியில் பொற்கொல்லன் விழுந்து வணங்கி, அரண்மனைச் சிலம்பைத் திருடியவன் தன் குடிலில் இருக்கிறான் என்கிறான். உண்மையில் அந்தச் சிலம்பை எடுத்தவனே அவன்தான். அரசன் நின்ற இடத்திலேயே காவலரைக் கூப்பிட்டுச் சொல்கிறான்: "கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு."

"கையது ஆகில்" என்பதைக் கவனியுங்கள். கையில் இருந்தால் போதும், குற்றம் முடிந்துவிட்டது. இன்றைய சாட்சியச் சட்டத்தின் 119ஆம் பிரிவிலும் இதன் நிழல் உண்டு. களவு நடந்த கொஞ்ச நாளிலேயே களவுப் பொருள் ஒருவரிடம் இருந்தால், அவர் திருடினார் அல்லது தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். ஆனால் 'ஊகிக்கலாம்' என்பதோடு சரி. அது எப்படிக் கைக்கு வந்தது என்று அவர் கணக்குச் சொன்னால் அதைக் கேட்டாக வேண்டும். அதற்கும் முன்னால், அது களவுபோன அதே பொருள்தான் என்று போலீஸ் காட்ட வேண்டும். கோவலனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவன் முகத்தைப் பார்த்தால் கொலைப்படும் ஆளாகத் தெரியவில்லை என்று காவலரே தயங்குகிறார்கள். பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களைப் பற்றி நீளமாகப் பேசி அந்தத் தயக்கத்தைக் கரைக்கிறான். கடைசியில் கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசுகிறான்.

கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கண்ணகிதான் கொண்டுவருகிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்று அரசன் சொன்னதும், அவள் சிலம்பைப் பார்க்காமலேயே சொல்கிறாள், என் சிலம்பின் பரல் மணி என்று. அரசனும் எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான். அதற்குப் பிறகுதான் சிலம்பு வருகிறது, உடைகிறது, மாணிக்கப் பரல் அரசனின் வாயருகே தெறிக்கிறது. வரிசையைப் பாருங்கள்: வெளியில் தெரியாத அடையாளத்தை முதலில் சொல்வது, பொருளைப் பிறகு திறப்பது. பார்த்துவிட்டு 'இது என்னுடையது' என்று யாரும் சொல்லலாம், அதற்கு மதிப்புக் குறைவு.

இதே காப்பியத்துக்குள் இன்னொரு வழக்கும் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. கட்டுரை காதையில் மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி சொல்வது. வார்த்திகன் என்ற பார்ப்பனன் வீட்டில் திடீரென்று நகை தெரிய, புதையலை அமுக்கினான் என்று அரசனின் ஆட்கள் அவனைச் சிறையில் போடுகிறார்கள். மனைவி கார்த்திகை அழுது புரள்கிறாள். கொற்றவை கோயில் கதவு திறக்கவில்லை. என்ன குறை என்று அரசன் விசாரித்து, தவறு என்று தெரிந்ததும் விடுவித்து, தங்காலையும் வயலூரையும் கொடுக்கிறான். அதே பாண்டியர் குலம், அதே மாதிரிச் சந்தேகம். வார்த்திகன் உயிரோடு இருந்தான், திருத்த முடிந்தது. அதே தெய்வம்தான் கோவலன் முற்பிறப்பில் ஒரு வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்த கதையையும் சொல்கிறது. அங்கேயும் விசாரணை கிடையாது! ஊழ் என்று இளங்கோ சொல்வது எனக்கு அதனால் ஒரு தப்பு திரும்ப நடப்பதாகவே படுகிறது. புலவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை.

சரி, மேல்புறத்துக் காப்புக்கு வருவோம். பில் இல்லை, பழைய நகை. புதிதாக வாங்கியதென்றால் ஹால்மார்க்கோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு இருக்கும், ஒவ்வொரு நகைக்கும் தனித்தனி. அதை எழுதிவைத்திருந்தாலே வேலை பாதி முடிந்தது. இவரிடம் கேட்டேன், உள்பக்கத்தில் ஏதாவது உண்டா என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பூட்டுப் பக்கம் ஒருமுறை ஒடிந்து பற்றவைத்த தழும்பு இருக்கும், அதன் அருகே அம்மாவின் பெயரின் முதல் எழுத்து 'த' வெட்டியிருக்கும் என்றார். காப்பைத் திரும்பக் கேட்டுப் போட்ட மனுவில் அதை எழுதினேன். புகார் கொடுத்தவரிடம் உள்பக்க அடையாளம் கேட்டபோது பொதுவாக ஏதோ சொன்னார். அப்புறம் நீதிபதி முன்னால் சீல் உடைத்துக் கவரைத் திறந்தார்கள். தழும்பு இருந்தது. 'த'வும் இருந்தது, தேய்ந்துபோய்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "எங்க விதி நல்லா இருந்து சாரே."