மூட்டையில் 17:17:17, கத்தரிச் செடிக்கு எத்தனை கிராம்?

ஒத்தக்கடையிலோ மேலூர்ப் பக்கத்திலோ வீட்டுக்குப் பின்னால் அரை சென்ட் இடத்தில் கத்தரி போடுகிறவர்கள் முழு மூட்டை உரம் வாங்குவதில்லை. கடையில் ஒரு கிலோவை நிறுத்து வாங்கிவருவார்கள். மூட்டையில் அச்சிட்டிருப்பது கடையிலேயே தங்கிவிடும். வாங்கும்போதே அந்த எண்களையும் அளவுக் குறிப்பையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து போடும் கணக்குத்தான்.

மூன்று எண்களும் எடையில் சதவீதம். வரிசை மாறவே மாறாது: முதலில் தழைச்சத்து, அடுத்து மணிச்சத்து, கடைசியில் சாம்பல் சத்து. 17:17:17 என்றால் நூறு கிராம் உரத்தில் ஒவ்வொன்றும் 17 கிராம். யூரியாவில் தழைச்சத்து 46, மற்ற இரண்டும் இல்லை. டிஏபி 18:46:0, அதில் சாம்பல் சத்தே கிடையாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மணிச்சத்து, சாம்பல் சத்து எண்கள் தனிப் பாஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் குறிப்பவை அல்ல. P₂O₅, K₂O என்ற ஆக்சைடுகளாகக் கணக்கிட்டவை. பழைய வேதியியலாளர்கள் அப்படித்தான் அளந்தார்கள், அந்த வழக்கமே நிலைத்துவிட்டது. நம் ஊர் சிபாரிசுகளும் இதே கணக்கில் இருப்பதால் எதையும் மாற்ற வேண்டாம். தனிப் பாஸ்பரஸாக அளவு சொல்லும் வெளிநாட்டுக் குறிப்பைப் பின்பற்றினால் மட்டும் அதை 2.3 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

குறிப்புகள் ஏக்கருக்கோ ஹெக்டேருக்கோ இத்தனை கிலோ என்றுதான் இருக்கும். ஏக்கருக்கு ஒரு கிலோ என்றால் சென்ட்டுக்கு 10 கிராம். ஹெக்டேருக்கு 10 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு ஒரு கிராம். 'பேசல்' என்றிருந்தால் நடும்போது இடும் அடியுரம். 'டாப் டிரெஸ்ஸிங்' என்றால் வளரும்போது இடும் மேலுரம். 'ஃபோலியார்' என்பது இலையில் தெளிப்பது. 17:17:17 குருணையைக் கரைத்து இலையில் அடிக்கக் கூடாது, அது மண்ணுக்கானது.

இப்போது அரை சென்ட், அதாவது 20 சதுர மீட்டர். இரண்டடிக்கு இரண்டடி நட்டால் சுமார் 50 கத்தரி. கத்தரி ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம், அடியுரமாக 50:50:30 கிலோ, நட்ட 30 ஆம் நாள் இன்னும் 50 கிலோ தழைச்சத்து. நம் இடத்துக்கு அது 50 கிலோ தொழு உரம், அடியில் 100:100:60 கிராம், பிறகு 100 கிராம் தழைச்சத்து.

கணக்கை மணிச்சத்திலிருந்து தொடங்க வேண்டும். தழைச்சத்தைப் பின்னால் யூரியாவில் சேர்த்துக்கொள்ளலாம். மணிச்சத்து மண்ணில் நகராது. நட்ட பிறகு மேலே தூவினால் வேருக்குப் போய்ச் சேர்வது கடினம். நூறை 0.17 ஆல் வகுத்தால் 588 கிராம், 600 என்று வைத்துக்கொள்ளலாம். அதில் தழைச்சத்தும் 102 கிராம் வந்துவிடுகிறது. சாம்பல் சத்து தேவைக்கு 40 கிராம் கூடும். கத்தரிக்கு அது கெடுதல் இல்லை. செடிக்கு 12 கிராம். குழியில் நாலு அங்குல ஆழத்தில் போட்டு, மேலே மண்ணைத் தள்ளிவிட்டு நாற்றை நட வேண்டும். வேர் நேராக உரத்தில் உட்கார்ந்தால் கருகும்.

மிச்சம் 100 கிராம் தழைச்சத்துக்கு 217 கிராம் யூரியா போதும். சிபாரிசில் ஒரே தவணை. ஆனால் மேலூர்ச் செம்மண் போன்ற மணல் கலந்த நிலத்தில் 30 ஆம் நாள் பாதி, 55 ஆம் நாள் மீதி என்று பிரிப்பதே நல்லது என்பேன். தவணைக்குச் செடிக்கு இரண்டு கிராம் சொச்சம். தண்டிலிருந்து நாலு அங்குலம் தள்ளி வட்டமாக இட்டு, கொத்தி மூடி, உடனே தண்ணீர் விட வேண்டும். காய்ந்த மண்ணின்மேல் கிடக்கும் யூரியா அம்மோனியாவாகிக் காற்றில் போய்விடும். சுண்ணாம்பு மிகுந்த, காரத்தன்மையுள்ள மண்ணில் இன்னும் வேகமாக. ஐப்பசியில் அடைமழை பிடித்திருந்தால் தவணையைத் தள்ளிப்போடுங்கள். கரைந்து வேருக்குக் கீழே இறங்கிவிடும்.

கரண்டியால் அளக்கிறவர்கள் முதல் தடவை சமையலறைத் தராசில் ஒரு கரண்டியை நிறுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். யூரியாவும் 17:17:17 உம் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது.

அளவு மிஞ்சினால் இலை விளிம்பு கருகும். தழைச்சத்து மட்டும் கூடினால் செடி கரும்பச்சையாகத் தழைக்கும், பூ குறையும், அசுவினி ஏறும். அடி இலைகள் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, அடுத்த தவணையை முன்னுக்குக் கொண்டுவரலாம். அடி இலைகள் பச்சையாக இருக்க, நுனித் துளிர் மட்டும் நரம்பு பச்சையாக, நடுவில் வெளுத்திருந்தால் பெரும்பாலும் இரும்புக் குறைவு. சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. இதைப் பார்த்து இன்னொரு பிடி 17:17:17 போடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த மூட்டையில் இரும்பே இல்லை. லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளித்தால் புதுத் துளிர்கள் பச்சையாக வருகின்றனவா என்று பத்து நாளில் தெரிந்துவிடும்.