செத்தவீட்டில துவக்குச் சூடு ஏன்? 21 பீரங்கி வேட்டு வேற, மூண்டு தரம் சுடுறது வேற

ரீவியில ஆராவது பெரிய ஆளின்ர இறுதிக் கிரியை போகேக்க கீழ ஓடுற எழுத்தில "21 குண்டுகள் முழங்க" எண்டு போடுவினம், ஆனா படத்தில பாத்தா பீரங்கி ஒண்டையும் காணேலாது, வரிசையா நிக்கிற ஆக்கள் துவக்கை வானத்துக்குத் தூக்கி மூண்டு தரம் சுடுவினம், அவ்வளவுதான். சனம் ரண்டையும் ஒண்டெண்டு நினைச்சுக் கொண்டிருக்கு, ஆனா அது ரண்டு வேற சடங்கு, வந்த வழியும் வேற, அர்த்தமும் வேற. இதை ஏன் எழுதவேணும் எண்டால் எங்கட வன்னியில வெடிச் சத்தம் எண்டால் இப்பவும் வயசுபோனதுகளுக்கு நெஞ்சு பதறும், மரியாதைக்குச் சுடுறது எண்டு தெரியாமல் கேட்டால் அது அதுகளுக்கு மரியாதையா இராது. "செத்த மனிசனுக்கு மேல ஏனடா தம்பி திரும்பவும் சுடுறாங்கள்" எண்டு ஒரு அம்மம்மா கேட்டா, நியாயமான கேள்விதான்.

முதல்ல பீரங்கி. இது கடல்ல துவங்கின வழக்கம். பழைய காலத்துக் கப்பல் பீரங்கிக்கு வாய்ப்பக்கத்தால மருந்து போட்டு, இடிச்சு இறுக்கி, குண்டு போட்டுத்தான் சுடவேணும், ஒருக்கா சுட்டால் திரும்ப ஆயத்தப்படுத்தக் கன நேரம் போகும். அப்ப வேற நாட்டுத் துறைமுகத்துக்குக் கிட்ட வாற கப்பல் கடல் பக்கமாத் தன்ர பீரங்கி முழுக்கச் சுட்டு வெறுமையாக்கிப்போட்டு வந்தால், நான் சண்டைக்கு வரேல்லை, என்னட்ட இப்ப சுடுறதுக்கு ஒண்டுமில்லை எண்டு காட்டினமாதிரி. மரியாதை வேட்டின்ர வேர் இதுதான், பலத்தைக் காட்டுறது இல்லை, நான் வெறுங்கை எண்டு காட்டுறது.

21 எண்ட எண்ணிக்கைக்கு வழமையாச் சொல்லுற விளக்கம் வெடிமருந்தோட சம்பந்தப்பட்டது. கப்பல்ல ஏழு வேட்டு வைக்கிறது வழக்கம். அந்தக் காலத்து வெடிமருந்தில சேர்த்த உப்பு கடல் ஈரத்தில கெதியாப் பழுதாப்போகும், அதால கப்பல்ல சிக்கனமாச் சுட்டவை, கரையில கோட்டைக்குள்ள காயவைச்சு வைக்கலாம், அப்ப கப்பலின்ர ஒரு வேட்டுக்குக் கரையில இருந்து மூண்டு வேட்டுப் பதில் குடுத்தவை. ஏழு மூண்டு இருவத்தொண்டு. பிறகு மருந்து நல்லா வந்தாப்போல கப்பலும் 21 வைக்கத் துவங்கிச்சுது, அதுவே நாட்டுத் தலைவருக்குரிய எண்ணிக்கையா நிலைச்சிட்டுது. அதுக்குக் கீழ 19, 17 எண்டு இறங்கும், வெள்ளைக்காரன் இந்தியாவில ஆண்டபோது மைசூர் ராசாவுக்கு 21, திருவிதாங்கூருக்கு 19 எண்டு ராசாக்களையே வேட்டு எண்ணிக்கையை வைச்சுத் தரம் பிரிச்சவன். ஒற்றைப்படையில வைக்கிறது நல்ல காரியத்துக்கு, இரட்டைப்படை துக்கத்துக்கு எண்டதும் கப்பல்காரரின்ர பழைய நம்பிக்கை. எங்கட நாட்டில பெப்ரவரி 4 சுதந்திர தினத்தில கொழும்பு வெளிச்சவீட்டடியில நேவி 25 வேட்டு வைக்கிறது, அது நாட்டுக்கான கடற்படை மரியாதை, அதுவும் ஒற்றைப்படைதான்.

துக்கத்துக்கும் பீரங்கி சுடுறது உண்டு, ஆனா அங்க எண்ணிக்கையைவிட இடைவெளிதான் பேசும். சந்தோச நிகழ்வில சில செக்கனுக்கு ஒண்டா அடுத்தடுத்துப் போகும், துக்கத்தில நிமிசத்துக்கு ஒண்டு. 2021 ஏப்ரலில இங்கிலாந்து இளவரசர் பிலிப் செத்ததுக்கு மற்ற நாள் மத்தியானம் 12 மணிக்கு லண்டன், எடின்பரோ, ஜிப்ரால்ரர் எல்லா இடமும் 41 வேட்டு, நிமிசத்துக்கு ஒண்டு. முதல் வேட்டு 12 மணிக்கு எண்டால் கடைசி வேட்டு 12.40க்கு. நாப்பது நிமிசம் ஒரு ஊர் அடுத்த சத்தத்துக்காகக் காத்துக் கொண்டு நிக்கும், அந்த நேரத்தை நீட்டுறதுதான் அங்க மரியாதை.

இனித் துவக்கு. சுடுகாட்டில மூண்டு தரம் சுடுறதுக்குப் பீரங்கிக் கதையோட தொடர்பில்லை. பழைய ஐரோப்பியச் சண்டையளில ரண்டு பக்கமும் கொஞ்சநேரம் நிப்பாட்டிப்போட்டுத் தங்கட தங்கட பிணங்களை எடுத்து அடக்கம் செய்யிறவை, வேலை முடிஞ்சால் மூண்டு தரம் வானத்துக்குச் சுட்டு, எங்கட ஆக்களைப் பாத்து முடிச்சிட்டம் எண்டு மற்றப் பக்கத்துக்குத் தெரியப்படுத்துவினம் எண்டுதான் இதின்ர பிறப்பைச் சொல்லினம். அப்ப அந்த அம்மம்மாவுக்குச் சொல்லவேண்டிய பதில் இதுதான்: அது செத்தவருக்கு மேல சுடுறது இல்லை அம்மம்மா, அவருக்குச் செய்யவேண்டியதைச் செய்து முடிச்சிட்டம் எண்டு சொல்லுற சத்தம்.

குழப்பம் எங்க வருது எண்டால், அமெரிக்காவில இந்தச் சூட்டணிக்கு வழமையா ஏழு பேர் நிப்பினம், ஏழு பேரும் மூண்டு தரம் சுட்டால் 21 தோட்டா, உடன எல்லாரும் 21 வேட்டு எண்டு எழுதிப்போடுகினம். கணக்கு ஒத்து வந்தது தற்செயல். ஆக்கள் கூடிக் குறைஞ்சாலும் மூண்டு தரம் எண்டது மாறாது, 21 பீரங்கி வேட்டு நாட்டுத் தலைவருக்கு, மூண்டு தரம் துவக்குச் சூடு ஒரு சாதாரண சிப்பாய்க்கும் கிடைக்கும்.

சுடுறது வெற்றுத் தோட்டா. கோதும் மருந்தும் இருக்கும், முன்னுக்குச் சன்னம் இராது. ஒரிஜினல் ரவையை வானத்துக்குச் சுட்டால் அது எங்கையோ ஒரு கூரையிலயோ தலையிலயோ விழும் எண்டது எங்கட ஆக்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனா வெற்றுத் தோட்டா எண்டாலும் வாய்ப்பக்கத்தால சூடான காத்தும் எரியாத மருந்துத் துண்டும் பறக்கும், கிட்ட நிண்டால் கண் போகும், அதாலதான் துவக்கைச் சரிச்சு மேல தூக்கிச் சுடுறது, சனத்தையும் அந்தப் பக்கம் விடாயினம். இன்னொண்டையும் கவனிச்சிருப்பியள், ஒவ்வொரு சூட்டுக்கும் இடையில "கிளக்" எண்டு எல்லாரும் கையால இழுப்பினம். தானாகக் குண்டேறுற துவக்குக்குச் சன்னம் குழாய்க்குள்ளால போகேக்க பின்னுக்கு வாற அமுக்கம் வேணும், சன்னம் இல்லாட்டி அந்த அமுக்கம் காணாது, அதால கையால இழுத்துத்தான் அடுத்ததை ஏத்தவேணும். நல்லாப் பழகின அணி சுட்டால் ஏழு துவக்கும் ஒரே சத்தமாக் கேக்கும், சோளம் பொரியிறமாதிரி படபடவெண்டு கேட்டால் பழக்கம் காணாது எண்டு அர்த்தம்.

பழைய, ஈரம் பட்ட தோட்டா எண்டால் வெடிக்காமலே விடும். பீகாரில 2019 ஓகஸ்டில முன்னாள் முதலமைச்சர் ஜெகந்நாத் மிஸ்ராவின்ர அரச மரியாதையில பொலிஸ் 22 துவக்கோட நிண்டு கட்டளை குடுக்க, 22இல ஒண்டுகூட வெடிக்கேல்லை. முதலமைச்சர், குடும்பம், சனம் எல்லாம் பாத்துக் கொண்டு நிக்க நடந்தது. அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவு நோகும். முதல்நாளே அந்தப் பெட்டியில இருந்து நாலைஞ்சு தோட்டாவை எடுத்துச் சுட்டுப் பாத்தால் தெரிஞ்சிடும்.

சுடுறவை தவிர மற்ற ஆக்களின்ர துவக்கு வாய் கீழ பாத்தமாதிரி இருக்கும். சாதாரணமாப் படை துவக்கை நிமித்திப் பிடிக்கும், செத்தவீட்டில தலைகீழாப் பிடிச்சுக் கொண்டு மெதுநடையில போவினம், பெட்டிக்குக் கிட்ட நிக்கேக்க துவக்கு வாயைச் சப்பாத்து நுனியில வைச்சு, பிடியில ரண்டு கையையும் வைச்சுத் தலை குனிவினம். இந்தியாவில இதுக்கு "ஷோக் சஸ்த்ர" எண்டு கட்டளை. பெட்டியின்ர நாலு மூலையிலயும் காவல் நிக்கிறவை பெட்டியைப் பாக்காமல் வெளிய பாத்து நிப்பினம், ஏனெண்டால் அவை காவலுக்கு நிக்கினம். அசையாமல் நிண்டால் ஆள் மயங்கி விழும், அதால லண்டனில ராணியின்ர உடல் வைச்சிருந்தபோது ஒவ்வொரு அணியும் இருவது நிமிசம்தான், பிறகு மாத்துவினம்.

குடும்பத்துக்கு நேரடியாச் சம்பந்தப்பட்டது கொடி. பெட்டிக்கு மேல போர்த்தின தேசியக்கொடி குழிக்குள்ளயும் போகக்கூடாது, சிதையிலயும் எரியக்கூடாது, இந்தியாவின்ர கொடிச் சட்டக்கோவையில அப்பிடியே எழுதியிருக்கு, காவி நிறம் தலைப்பக்கம் வரவேணும் எண்டதும் அதிலதான் இருக்கு. அதால அடக்கத்துக்கு முன்னம் எடுத்து மடிச்சு நெருங்கின உரித்தாளிட்டக் குடுப்பினம். கலைஞருக்கு 2018 ஓகஸ்ட் 8 மெரினாவில அப்பிடித்தான் மடிச்ச கொடியை ஸ்டாலினிட்டக் குடுத்தவை, எங்கட வீடுகளில கனபேர் அதைப் பாத்துக் கொண்டிருந்தனாங்கள்.

எங்கட சமயச் செத்தவீட்டில இதுதான் சிக்கல் வாற இடம். சுண்ணம் இடிச்சு, வாய்க்கரிசி போட்டு, கடைசியா முகம் பாக்கிறதெல்லாம் பெட்டி திறந்திருக்கேக்க நடக்கவேணும், கொடி போர்த்தாப்பிறகு திறக்கிறது கஷ்டம். அதால ஐயரோ குருக்களோ ஆர் செய்தாலும் வீட்டில சமயக் கிரியை முழுக்க முடியட்டும், பிறகு கொடி, பிறகு ஊர்வலம், சுடலையில கொள்ளி வைக்க முன்னம் சூடு, எக்காளத்தில கடைசி வாசிப்பு, கொடியைக் குடுக்கிறது எண்டு பொறுப்பாளரோட முதல்லயே கதைச்சு வையுங்கோ. இந்த மரியாதை கட்டாயமில்லை. சூடு வேண்டாம், கொடியும் வாசிப்பும் மட்டும் போதும் எண்டும் கேட்டுப் பாக்கலாம். அமெரிக்காவில 2000ஆம் ஆண்டில இருந்து சட்டப்படி தகுதியான முன்னாள் படையாளுக்குக் குறைஞ்சது ரண்டு சீருடைக்காரர் வரவேணும், கொடியை மடிச்சுக் குடுக்கவேணும், எக்காளப் பாட்டு போகவேணும், துவக்குச் சூடு அந்தக் குறைஞ்சபட்சத்தில இல்லவே இல்லை.

சூடு வைக்கிறது எண்டு முடிவெடுத்தால் முதல்நாள் பின்னேரமே கிராம சேவகருக்கும் சுடலையைச் சுத்தி இருக்கிற வீடுகளுக்கும் கிட்டப் பள்ளிக்கூடம் இருந்தால் அதிபருக்கும் நேரத்தைச் சொல்லுங்கோ, மூண்டு தரம்தான் கேக்கும், அதோட சரி எண்டும் சேர்த்துச் சொல்லுங்கோ. முடிஞ்சாப்பிறகு சின்னனுகள் கோது பொறுக்க ஓடும். வெடிச்ச வெறுங் கோதால பிரச்சினை இல்லை, ஆனா வெடிக்காமல் விட்ட தோட்டா ஒண்டு புல்லுக்குள்ள கிடந்தால் அதில மருந்து அப்பிடியே இருக்கு. எங்கட பிள்ளையளுக்குக் கண்ணிவெடி விசயத்தில தொடாத, பெரிய ஆக்களிட்டச் சொல்லு எண்டு படிப்பிச்சதுதான் இதுக்கும். ஏழு பேர் மூண்டு தரம் எண்டால் 21 கோது வரவேணும், அணி இடத்தை விட்டுப் போக முன்னம் அவையிட்டயே எண்ணிக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ, 20 தான் இருக்கெண்டால் மிச்சம் ஒண்டைத் தேடி எடுத்துப்போட்டுத்தான் போகவேணும்.