1800R: வளைதிரையும் வளைவு ஆரமும்

கர்வ்டு மானிட்டர் வாங்கப் போனால் பெட்டியின் மேல் 1800R, 1500R, 1000R என்று ஏதாவது ஒன்று இருக்கும். அந்த R, ரேடியஸ் என்ற சொல்லின் முதலெழுத்து. லத்தீனில் ரேடியஸ் என்றால் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால். தமிழில் நாம் சொல்லும் ஆரம் என்பதும் அதே ஆரக்காலிலிருந்து வந்ததுதான். இலங்கைப் பாடநூல்களில் ஆரை என்பார்கள். பள்ளியில் குழியாடிப் பாடத்தில் படித்த ‘வளைவு ஆரம்’ இதற்கு அப்படியே பொருந்தும். கர்வ்டு மானிட்டரை வளைதிரை என்றும் ஃபிளாட் மானிட்டரைத் தட்டைத்திரை என்றும் சொல்லலாம்.

எண் மில்லிமீட்டரில் இருக்கிறது. 1800R திரையின் வளைவை அப்படியே நீட்டி முழு வட்டமாக்கினால், அதன் ஆரம் 1.8 மீட்டர். எண் குறையக் குறைய வளைவு கூடும். 1.8 மீட்டர் தள்ளித்தான் உட்கார வேண்டுமோ என்று சிலர் குழம்புகிறார்கள். அப்படி இல்லை, அது வட்டத்தின் மையம் இருக்கும் இடம். மேசையில் நாம் உட்காருவது சுமார் 70 செ.மீ. தூரத்தில், மையத்துக்கு வெகு முன்னால்.

அந்த 70 செ.மீ.யை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 27 அங்குலத் தட்டைத்திரையின் அகலம் 60 செ.மீ. நடுவைவிட ஓரம் கண்ணுக்கு 6 செ.மீ.தான் தூரம். 34 அங்குல அகலத்திரை 80 செ.மீ. இருக்கும்; அது தட்டையாக இருந்தால் வித்தியாசம் 10 செ.மீ.க்கு மேல் போகும், ஓரத்தைச் சுமார் 30 பாகை சாய்வில் பார்க்க வேண்டும். விஏ வகைத் திரையில் அந்தச் சாய்வில் ஓரம் வெளிறித் தெரியும். அதே 34 அங்குலம் 1500R ஆக இருந்தால் ஓரம் சுமார் 5 செ.மீ. முன்னால் வரும். தூர வித்தியாசம் பழையபடி 6 செ.மீ.க்கு இறங்கும், சாய்வும் ஏறக்குறைய பாதியாகும். அதாவது 27 அங்குலத் தட்டைத்திரையில் பழகிய கண்ணுக்கு இதில் புதிதாகச் சிரமம் இல்லை.

அதனால் 24, 27 அங்குலத்தில் வளைவுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பேன். 27 அங்குலம் 1800R-இல் ஓரம் முன்னால் வருவது வெறும் 2.5 செ.மீ. 34-இல் வளைவு உதவும். 120 செ.மீ. அகலமுள்ள 49 அங்குலத்திலோ அது கட்டாயம். அங்கே 1800R-கூடப் போதாது. ஓரம் நடுவைவிட 14 செ.மீ. தள்ளியே நிற்கும், 1000R என்றால் அது 7 ஆகும்.

இந்தக் கணக்கெல்லாம் திரைக்கு நேர் நடுவில் உட்காருபவருக்குத்தான். பக்கத்தில் நாற்காலி போட்டு எட்டிப் பார்ப்பவருக்கு, அவர் பக்கத்து ஓரம் தட்டைத்திரையைவிட மோசமாகத் தெரியும். அப்புறம், கட்டட வரைபடம் போடுகிறவர்கள் நேர்கோடு வளைந்து தெரிகிறது என்பார்கள். அவர்கள் 27 அங்குலத் தட்டைத்திரை இரண்டை லேசாகக் கோணம் வைத்துப் போட்டுக்கொள்வது நல்லது.