வாய் நாற்றத்துக்கு வயிற்றைக் குறை சொல்லும் முன்

சென்ற மாதம் பெரம்பூரிலிருந்து பல் கூச்சத்துக்காக வந்த 42 வயதுக்காரர், நாற்காலியில் சாய்வதற்கு முன்பே இரண்டு எண்டோஸ்கோப்பி அறிக்கைகளை என்னிடம் நீட்டினார். இரண்டிலும் லேசான இரைப்பை அழற்சிக்கு மேல் எதுவும் இல்லை. "வயித்துல புண்ணு டாக்டர், அதான் வாய் நாறுது" என்றார். 14 மாதங்களாகக் காலையில் வெறும் வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை விழுங்கியிருக்கிறார். பூண்டையும் காபியையும் விட்டுவிட்டார். அத்தனை மாதங்களில் ஒருவர்கூட அவரை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவில்லை என்பதுதான் என்னை எரிச்சலூட்டியது.

உணவுக்குழாய் எந்நேரமும் திறந்திருக்கும் புகைபோக்கி அன்று. எதையாவது விழுங்கும்போதும் ஏப்பம் விடும்போதும் தவிர, அதன் மேல்வாயும் கீழ்வாயும் இறுக மூடியே இருக்கின்றன. ஆகவே வயிற்று வாடை ஏப்பத்தோடும் எதுக்களிப்போடும் வந்து போகுமே ஒழிய, காலை முதல் இரவு வரை ஒவ்வொரு சொல்லோடும் வெளிவருவதற்கு வழியில்லை. நாள் முழுதும் நீடிக்கும் நாற்றம் பெரும்பாலும் வாய்க்குள்ளேயே, நாக்கின் பின்பகுதியிலும் ஈறு இடுக்குகளிலும் வாழும் கிருமிகள் புரதத்தைச் சிதைத்து வெளியிடும் கந்தக வாயுக்களால் உண்டாவது.

அவருக்கு வலது கீழ்த்தாடையில் இழந்த பல்லுக்குப் பதிலாகப் பக்கத்துப் பற்களில் பொருத்தும் பிரிட்ஜ் ஒன்று, ஆறு ஆண்டுப் பழையது, இருந்தது. அதன் அடியில் நூலைச் செலுத்தி இழுத்து அவர் மூக்கருகே காட்டியபோது, அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்பல்லை ஒட்டிய ஈறு இடுக்கில் அளவுகோல் 7 மி.மீ. இறங்கியது, 3 வரை இருந்தால் கவலையில்லை. பிரிட்ஜைக் கழற்றி வேர்ப்பரப்பைச் சுத்தம் செய்து, நாக்கு வழிக்கும் முறையையும் கற்றுக்கொடுத்து அனுப்பினோம். ஆறு வாரம் கழித்து உடன் வந்த அவர் மனைவி, வாடை போய்விட்டதாகச் சொன்னார்.

வீட்டில் முதலில் இதைச் செய்யுங்கள். உங்கள் வாடை உங்களுக்குப் பழகிப்போயிருக்கும் என்பதால், நம்பிக்கையான ஒருவரை உதவிக்கு அழையுங்கள். வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் விடுங்கள். வாயால் விடும்போது மட்டும் வாடை வந்தால் பல் மருத்துவரிடமும், மூக்கால் விடும்போது மட்டும் வந்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடமும் செல்லுங்கள். நாக்கின் பின்பகுதியை ஒரு கரண்டியால் மெல்ல வழித்து, சில நொடிகள் பொறுத்து முகர்ந்தாலும் பாதி விடை கிடைத்துவிடும். தொண்டைச்சதையில் வெண்கட்டிகள் தெரிகின்றனவா என்றும் கண்ணாடியில் பாருங்கள். (பாக்குப் பொட்டலத்தால் வாடையை மறைத்துக்கொண்டு பரிசோதனைக்கு வராதீர்கள்.)

வயிற்று அமிலம் மேலேறும் ரிஃப்ளக்ஸால் நாற்றமே வராது என்று நான் சொல்லவில்லை. நெஞ்செரிச்சலும் புளித்த எதுக்களிப்பும் கூடவே இருந்தால் அதற்கும் பங்கு இருக்கலாம். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். இன்னும் தேவைதானா என்று அவரையே கேளுங்கள். ஆனால் விழுங்குவதில் சிரமம், முன்பே உண்ட உணவு செரிக்காமல் வாய்க்குத் திரும்புதல், காரணமின்றி எடை குறைதல், கறுத்த மலம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் என் நாற்காலிக்கு வந்து காத்திருக்காமல், அன்றே குடல் இரைப்பை மருத்துவரைப் பாருங்கள்.