வலை பெரிதானது, மதிப்பெண் எவ்வளவு பெரிதானது?

நிறுவனங்களுக்குப் புள்ளிவிவர அறிக்கை தயாரித்துக் கொடுப்பது என் தொழில். கோலாலம்பூரில் பல அலுவலகங்களுக்கு நானே ரேடார் வரைபடம் வரைந்து கொடுத்திருக்கிறேன். அதனால்தான் அதைக் கண்டாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

சில மாதங்களுக்கு முன், எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஓர் அண்ணன் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தேநீர்க் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். நான்காம் படிவத்தில் படிக்கும் மகனை ஒரு டியூஷன் நிலையத்தில் சேர்த்திருந்தார். அங்கே கொடுத்த முன்னேற்ற அறிக்கையை மேசையில் விரித்தார்.

"பாருங்கள் தங்கச்சி, கணக்கில் பையன் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டான். ஆனால் கீழே இருக்கும் அட்டவணையில் 24 எடுத்தவன் 23க்கு இறங்கியிருக்கிறான். இரண்டில் எது பொய்?"

அடுத்த ஆண்டுக்கான கட்டணம் முழுவதையும் அந்த வாரமே கட்டிவிட்டால் தள்ளுபடி உண்டாம். அதனால்தான் அவசரம்.

மேலே சிலந்திவலை போன்ற ரேடார் படம். மையத்திலிருந்து ஆறு அச்சுகள், உச்சியில் மலாய்மொழி, அங்கிருந்து கடிகாரச் சுற்றில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு, தமிழ்மொழி. மார்ச் மாத மதிப்பெண்களை இணைத்துச் சாம்பல் நிறத்தில் ஒரு வடிவம், ஆகஸ்ட் மதிப்பெண்களை இணைத்து ஆரஞ்சு நிறத்தில் இன்னொன்று. ஆரஞ்சு வடிவம் சாம்பலை விழுங்கிக்கொண்டு கிடந்தது.

நான் முதலில் வடிவங்களைப் பார்க்கவில்லை, எண்களைத் தேடினேன். ரேடார் படத்தில் பெரும்பாலும் உச்சி அச்சில் மட்டும்தான் எண்கள் இருக்கும். மற்ற அச்சுகளுக்கும் அதுவே அளவு. இங்கே மிகச் சிறிய எழுத்தில் நான்கு எண்கள் இருந்தன. மையத்தில் 40, பிறகு 50, 60, வெளி வளையத்தில் 70.

அண்ணன் அந்த எண்களைப் படிக்கவே இல்லை. மையம் என்றால் சுழியம், வெளி விளிம்பு என்றால் நூறு என்று அவர் கண் தானாக முடிவு கட்டிவிட்டது. மார்ச் மாதக் கணிதப் புள்ளி மையத்திலிருந்து கால் பங்குக்குச் சற்று அதிகமான தொலைவில் இருந்ததால், அதை 27 என்று எடுத்துக்கொண்டார். ஆகஸ்ட் புள்ளி பாதியைத் தாண்டியிருந்ததால் 60. தேர்ச்சிகூடப் பெறாத மகன் கரையேறிவிட்டான் என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை.

கடை ரசீதின் விளிம்பை உச்சி அச்சின் மேல் வைத்து 40, 50, 60, 70 என்று பேனாவால் கோடு போட்டேன். 40 என்ற கோடு மையத்தைவிட்டு நகராமல் ரசீதைச் சுழற்றிக் கணித அச்சின் மேல் படிய வைத்தேன். மார்ச் புள்ளி 50க்குச் சற்று உள்ளே, 48. ஆகஸ்ட் புள்ளி 60க்குச் சற்று உள்ளே, 58. பத்து மதிப்பெண் ஏற்றம்தான்.

அளப்பதை அச்சின் மேல்தான் செய்ய வேண்டும். இரண்டு அச்சுகளுக்கு நடுவே ஓடும் கோட்டுக்குப் பொருளே கிடையாது. ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் நடுவில் ஒரு பாடம் இல்லையே! போதாததற்கு, வலைக்கோடுகள் வட்டமாக இல்லாமல் நேர்கோடுகளாக இருந்தால், நடுவில் அவை மையத்தை நோக்கி உள்வாங்கிவிடும். அந்த இடத்தில் அளந்தால் கணக்கு நிச்சயம் தப்பும்.

ஆறு பாடங்களையும் இப்படியே அளந்து எழுதினோம். மார்ச்சில் 54, 50, 48, 50, 52, 58. ஆகஸ்ட்டில் 60, 56, 58, 60, 58, 62. சராசரி 52இலிருந்து 59. நல்ல முன்னேற்றம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மொத்த மதிப்பெண் 13 விழுக்காடு கூடியிருக்க, காகிதத்தில் ஆரஞ்சு வடிவத்தின் பரப்பளவு சாம்பலைப் போல் கிட்டத்தட்ட 2.4 மடங்கு.

எப்படி? நம் கண் அச்சின் நீளத்தை அளப்பதில்லை, வடிவத்தின் பரப்பைத்தான் அள்ளிக்கொள்கிறது. எல்லா அச்சிலும் நீளம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். அதற்கு மேல் மையத்தை 40இல் தொடங்கியதால், 48 மதிப்பெண் வெறும் 8 அலகு நீளமாகவும், 58 மதிப்பெண் 18 அலகு நீளமாகவும் நிற்கின்றன. இதே எண்களைச் சுழியத்திலிருந்து வரைந்தால் பரப்பு 1.3 மடங்குதான் ஆகிறது. அதுவும் சற்று மிகைதான், ஆனால் கண்ணைக் கட்டும் அளவுக்கு இல்லை. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858இல் படைவீரர்களின் சாவுக் கணக்கை வட்டத் துண்டுகளாக வரைந்தபோது, துண்டின் பரப்பே எண்ணிக்கையைக் காட்டும்படி அமைத்தார். ரேடார் படத்தில் அந்த ஒழுங்கு கிடையாது.

இன்னொரு குறும்பும் உண்டு. உயர்ந்த மூன்று பாடங்களை அடுத்தடுத்து வைத்தால் வடிவம் கொழுத்துத் தெரியும், அவற்றை ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்தால் நட்சத்திரம் போல் ஒடுங்கும். மையத்திலிருந்து மூன்று அச்சுகள் 5 அலகு, மூன்று அச்சுகள் 1 அலகு என்று வைத்துப் பாருங்கள். வரிசையை மாற்றுவதாலேயே பரப்பு பாதிக்கும் கீழே போய்விடும். பாடங்களை எந்த வரிசையில் அடுக்குவது என்பது வரைபவர் விருப்பம்.

நிலையம் வேண்டுமென்றே ஏமாற்றியதா என்று அண்ணன் கேட்டார். அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. 40 தேர்ச்சி மதிப்பெண் என்பதால் அங்கிருந்து தொடங்கினோம் என்று அவர்கள் சொன்னால், அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஆனால் வெளி விளிம்பை 70இல் நிறுத்தியதற்கு எனக்கு ஒரு நியாயமும் தோன்றவில்லை.

இனி அட்டவணை. படமும் அட்டவணையும் ஒரே தாளில் இருந்தால் இரண்டும் ஒரே அலகில் பேசுகின்றன என்று நாம் நம்பிவிடுகிறோம். இங்கே படம் விழுக்காட்டில் இருந்தது, அட்டவணையில் தாளில் எடுத்த மதிப்பெண் இருந்தது. "முழு மதிப்பெண்" என்ற ஒரு பத்தியை அண்ணன் தாண்டிப் போயிருந்தார். மார்ச் கணிதத் தாளுக்கு 50, ஆகஸ்ட் தாளுக்கு 40. 24ஐ 50ஆல் வகுத்தால் 48 விழுக்காடு. 23ஐ 40ஆல் வகுத்தால் 57.5, அதை முழு எண்ணாக்கினால் 58. இரண்டுமே பொய்யில்லை.

இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வரும் படத்தையும் அட்டவணையையும் படிக்கும்போது, நான் எப்போதும் ஏதாவது ஒரு பாடத்தை எடுத்து, அட்டவணையின் எண்ணிலிருந்து படத்தின் எண்ணை வரவழைத்துப் பார்ப்பேன். வந்துவிட்டால் அலகு புரிந்துவிட்டது என்று பொருள். வராவிட்டால், ஒரு பத்தியையோ அடிக்குறிப்பையோ நான் படிக்கவில்லை என்று பொருள்.

அடிக்குறிப்பும் இருந்தது. மார்ச் கணிதத் தாள் ஆறு அத்தியாயங்களில் வைத்த தேர்வு, ஆகஸ்ட் தாள் இரண்டே அத்தியாயங்களில். படத்தில் மிகப் பெரிய ஏற்றம் கணிதத்திலும் அறிவியலிலும்தான், ஆனால் கணிதத்தில் அந்த ஏற்றத்தை அளந்த கோலே மாறியிருந்தது. அந்தப் பத்தில் எவ்வளவு பையனுடைய உழைப்பு, எவ்வளவு சுருங்கிய பாடத்திட்டம் என்று இந்தத் தாளை வைத்துச் சொல்லவே முடியாது.

ரசீதின் பின்பக்கத்தில் சுழியத்திலிருந்து நூறு வரை அளவு வைத்து, அதே எண்களை மறுபடி வரைந்து காட்டினேன். சாம்பலுக்கும் ஆரஞ்சுக்கும் இடையில் விரல்நுனி அகலம்கூட இல்லை. அண்ணன் அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆங்கிலத்திலும் ஆறு ஏறியிருக்கிறானே. அதற்கு இரண்டு தேர்வும் ஒரே மாதிரித் தாள்தானா?"

அட்டவணையைப் பார்த்தோம். இரண்டுக்கும் முழு மதிப்பெண் 50, அடிக்குறிப்பும் இல்லை. 25இலிருந்து 28. ஆமாம் என்றேன்.

அன்று மாலையே நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி, அடுத்த கணிதத் தேர்வை எத்தனை அத்தியாயங்களில் வைக்கப்போகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். தள்ளுபடியை விட்டுவிட்டு, அடுத்த மாதத்துக்கு மட்டும் கட்டணம் கட்டினாராம்.