கிராவிட்டி குறைந்தால் ஆசிட் ஊற்றாதீர்கள்: பேட்டரிக்குள் அடுக்காகப் பிரியும் அமிலம்

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தோட்டத்துச் சாளைகளில் சோலார் வைத்திருப்பவர்களிடம் ஆடி மாதத்தில் ஒரே மாதிரிப் புகார் வரும். விடிய விடிய ஓடிய ஃபேன் இப்போது ராத்திரி பத்து மணிக்கே நின்றுவிடுகிறது. பேட்டரி வாங்கி இரண்டு வருசம்கூட ஆகவில்லை. பார்க்க வருபவர் மூடியைத் திறந்து ஹைட்ரோமீட்டரை விடுகிறார், அமிலத்தின் அடர்த்தியைச் சொல்லும் கிராவிட்டி 1.165 காட்டுகிறது. "ஆசிட் வீக்காப் போச்சுங்க" என்று சொல்லி, ஆறு செல்லிலும் புது ஆசிட் ஊற்றிவிட்டுப் போகிறார். பேட்டரியின் ஆயுள் பாதியாகக் குறைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அமிலம் எங்கும் போகவில்லை. கொட்டவோ ஒழுகவோ செய்யாத பேட்டரியில் குறைவது தண்ணீர் மட்டுமே. அமிலத்தில் ஒரு பங்கு உள்ளே இருக்கும் ஈயத் தட்டுகளில் சல்பேட்டாக ஒட்டியிருக்கிறது, மீதி கீழே இறங்கி நிற்கிறது. ஹைட்ரோமீட்டர் உறிஞ்சுவது மேல்மட்டத்து நீரை மட்டும்.

கீழே எப்படி இறங்குகிறது? பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும்போது கந்தக அமிலம் தட்டுகளுக்குள் போய் லெட் சல்பேட் ஆகிறது, அதனோடு தண்ணீரும் உண்டாகிறது. ஒரு ஆம்பியர்-மணி எடுத்தால் ஒரு செல்லில் சுமார் 3.66 கிராம் அமிலம் செலவாகும். ராத்திரி 40 ஆம்பியர்-மணி ஓடினால் செல்லுக்கு ஏறக்குறைய 146 கிராம். மறுநாள் சார்ஜ் ஏறும்போது இந்த அமிலம் முழுவதும் தட்டின் நுண்துளைகளிலிருந்து வெளியே வருகிறது. வரும்போது அது சுற்றியுள்ள நீரைவிடக் கெட்டியாக, கனமாக இருப்பதால் தட்டின் மேலேயே வழிந்து அடிக்குப் போய்விடுகிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இப்படி இறங்கிக்கொண்டே இருக்கும். தானாகக் கலக்க விட்டால் வாரக்கணக்கில் ஆகும். லாரி பேட்டரியாவது ஓட்டத்தில் குலுங்கும். சாளை மூலையில் அசையாமல் நிற்கும் டால் டியூபுலர் என்ற உயரமான பேட்டரிக்கு அதுவும் கிடையாது, தட்டும் உயரம்.

இதைக் கலக்கும் வேலையைச் செய்வது வாயுக் குமிழ்கள் மட்டுமே. செல்லுக்கு 2.35 முதல் 2.4 வோல்ட், அதாவது 12 வோல்ட் பேட்டரியில் 14.1 முதல் 14.4 வரை ஏறிய பிறகுதான் தண்ணீர் பிரிந்து குமிழ் நன்றாகக் கிளம்பும். அந்தக் குமிழ்கள் மேலே வரும்போது அடியில் கிடக்கும் கெட்டி அமிலத்தையும் கிளறி மேலே கொண்டுவருகின்றன. பேட்டரி அந்த வோல்ட்டைத் தொடாமலே மாதக்கணக்கில் ஓடினால் அடுக்கு கலைய வழியில்லை.

ஒரு சாளையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 150 ஆம்பியர்-மணி டால் டியூபுலர் ஒன்று, 165 வாட் பேனல் ஒன்று. டிசி ஃபேன், மூன்று பல்பு, கேமரா எல்லாம் சேர்ந்து ராத்திரிக்கு 40 ஆம்பியர்-மணி எடுக்கின்றன. எடுத்ததைத் திருப்பி வைக்கவே 46, 48 வேண்டும், சார்ஜ் ஏறுவதில் அவ்வளவு சேதாரம் உண்டு. சித்திரை வெயிலில் பேனல் இதைக் கொடுத்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்து மூடும் ஆனி, ஆடியில் 25 வந்தாலே பெரிது. போதாததற்கு, பல இடங்களில் சார்ஜ் கன்ட்ரோலர் சீல்டு அல்லது ஜெல் பேட்டரிக்கான அமைப்பிலேயே கிடக்கிறது. அது இந்தப் பேட்டரிக்கு வேண்டிய உயர் வோல்ட்டுக்கு ஏற விடாது.

இப்படி ஓடிய பேட்டரியில் இரண்டு தொல்லைகள் ஒன்றாகச் சேர்கின்றன. மேல்பக்கம் தட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் சுற்றிலும் நீர்த்த அமிலம்; கொஞ்ச நேரத்தில் அது தீர்ந்து வோல்ட் இறங்கிவிடும். கீழ்ப்பக்கம் அமிலம் நிறைய இருப்பதால் அங்குள்ள தட்டு அதிகமாக வேலை செய்து ஆழமாக டிஸ்சார்ஜ் ஆகிறது. திரும்ப ஏற்றும்போதோ நிலைமை தலைகீழ். கெட்டி அமிலத்தில் நிற்கும் பகுதியின் வோல்ட் உயர்ந்திருப்பதால், சார்ஜ் கரண்ட் எதிர்ப்புக் குறைவான மேல்பகுதிக்கே அதிகம் போகிறது. கீழே உள்ள சல்பேட் ஏறாமல் தங்கி, நாளாக நாளாகக் கெட்டிப்படுகிறது. கடைசியில் அமிலம் இருக்கும் இடத்தில் தட்டு வேலை செய்வதில்லை, தட்டு வேலை செய்யும் இடத்தில் அமிலம் இல்லை.

கண்டுபிடிக்க ஹைட்ரோமீட்டரோடு மல்டிமீட்டரும் வேண்டும். பேனலையும் லோடையும் சாயங்காலமே கழற்றிவிட்டு, காலையில் அளக்க வேண்டும். மேல் கிராவிட்டியோடு 0.84 கூட்டினால் அந்தச் செல்லின் வோல்ட் தோராயமாக வரும். 1.165 என்றால் 2.005, ஆறு செல்லுக்கு 12.03. மல்டிமீட்டரும் 12.0 பக்கம் காட்டினால் பேட்டரி சார்ஜ் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மல்டிமீட்டர் 12.4 காட்டினால், அடியில் இருக்கும் கெட்டி அமிலம்தான் வோல்ட்டைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. அடுக்கு பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரே ஒரு செல் மட்டும் தனியாகக் குறைந்து நின்றால் அது வேறு பிரச்சினை, அந்தச் செல்லே பழுது. தண்ணீர் ஊற்றிய கையோடு அளந்தால் எதையும் நம்ப முடியாது, ஊற்றிய தண்ணீர் மேலேயே மிதக்கும்.

சரிசெய்வது ஒருநாள் வேலை. முதலில் இன்வெர்ட்டர், கன்ட்ரோலர், டிசி லைட் எல்லாவற்றையும் பேட்டரியிலிருந்து கழற்றிவிடுங்கள். வரப்போகும் வோல்ட்டை அவை தாங்காது. தட்டு வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். போர்த் தண்ணீர் கூடாது, ஆர்ஓ தண்ணீரும் கூடாது. தனிச் சார்ஜர் வைத்து 15 ஆம்பியரில் 14.4 வோல்ட் வரை ஏற்றிவிட்டு, கரண்டை 6, 7 ஆம்பியருக்குக் குறைத்து வோல்ட்டை 15.5, 16 வரை ஏற விடுங்கள். பேட்டரி கம்பெனி கொடுத்த தாளில் இதைவிடக் குறைந்த வரம்பு இருந்தால் அதுதான் கணக்கு. குமிழ் கொதிப்பது போல வரும், ஹைட்ரஜன் வெளியேறும். சன்னல் கதவு திறந்திருக்க வேண்டும், விளக்கோ பீடியோ கிட்டே வரக்கூடாது, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ள வேண்டும். அமிலம் 50 டிகிரியைத் தொட்டால் நிறுத்தி ஆறவிட்டுத் தொடரலாம்.

மணிக்கு ஒருமுறை கிராவிட்டி பாருங்கள். ஏறிக்கொண்டே வந்து, தொடர்ந்து மூன்று முறை ஒரே அளவு காட்டினால் கலந்துவிட்டது. சூட்டுக்குத் திருத்தம் உண்டு: 27 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கூட்ட வேண்டும். 37 டிகிரியில் 1.228 காட்டினால் உண்மையில் 1.235, டியூபுலருக்கு வழக்கமான 1.240க்குப் பக்கம்தான். தண்ணீரை மேல்கோடு வரை நிரப்புவது இதற்குப் பிறகுதான். முன்பே நிரப்பினால் குமிழோடு அமிலம் பொங்கி வெளியே வரும், அப்போதுதான் நிஜமாகவே அமிலம் குறையும்.

இதற்கிடையில் யாராவது ஆசிட் ஊற்றியிருந்தால், கலந்த பிறகு 1.280, 1.300 என்று போகும். அந்த அளவில் தட்டும் கம்பிச் சட்டமும் வேகமாக அரிக்கும். அப்படியிருந்தால் கொஞ்சம் அமிலத்தை எடுத்துவிட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டு, மறுபடி குமிழ் வரும் வரை ஏற்றி அளக்க வேண்டும்.

கன்ட்ரோலரைத் தண்ணீர் ஊற்றும் வகையான ஃப்ளடட் பேட்டரிக்கு மாற்றி, 14.4க்குக் குறையாமல் வைத்துவிட்டால் வெயில் மாதங்களில் பேனலே கலக்கிக்கொள்ளும். ஆனி, ஆடியில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஈபி கரண்டில் முழு சார்ஜ் கொடுக்க வேண்டும். ஏழெட்டு மணி நேரம் குமிழ் விட்டும் கிராவிட்டி 1.200ஐத் தாண்டாமல் நின்றுவிட்டால் அடித்தட்டுச் சல்பேட் இறுகிவிட்டது. இன்னும் இரண்டொரு முறை குறைந்த கரண்டில் முயன்று பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் அந்தக் கொள்ளளவு திரும்பாது, ராத்திரி லோடைக் குறைத்துக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான்.